இரும்பைத் தின்பது எது?
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நம்மை அணுகி, "ஐயா, அறிவியலில் ஏதேனும் ஒன்று பேசுங்கள், ஆனால் வானத்து விண்மீன்களைப் பற்றி வேண்டாம், நம் ஊரில் இருப்பதைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் இருப்பது உப்பு. உப்புக்கு அடுத்தபடியாக இருப்பது துரு. ஆகவே துருவைப் பற்றியே பேச வந்தோம்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தந்தையார் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். நெல் அவிக்கும் நீராவிக்காக அங்கே ஒரு கொதிகலன் இருந்தது. ஆண்டுக்கு இருமுறை அதை அணைத்து, ஆற வைத்து, நீரை இறக்கிய பின், மேலேயுள்ள ஆள் இறங்கும் துளை வழியாக உள்ளே புகுந்து, சுவரில் ஒட்டிய படிவையும் துருவையும் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு யாரை இறக்குவார்கள் என்பதை இந்த அவைக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மாலையில் வீடு திரும்பும்போது அவர் மூக்கிலும் காதிலும் செந்தூள் அப்பியிருக்கும். "தண்ணி இரும்பத் தின்னுதுல, அதத்தான் வழிச்சு எடுக்கோம்" என்பார். ஏன் தின்கிறது, ஓரிடத்தில் மட்டும் குழி பறித்து மற்றோரிடத்தை ஏன் விட்டுவிடுகிறது என்பதை அவருக்கு எவரும் சொன்னதில்லை. மேலேயிருந்து சுரண்டுகோலை நீட்டிய மேற்பார்வையாளருக்கும் அது தெரிந்திருக்காது என்றே எண்ணுகிறோம்.

முதலில் தந்தையாரின் கூற்றையே திருத்திக்கொள்வோம். சாதாரண வெப்பத்தில் நல்ல தண்ணீர் மட்டும் இரும்பை ஏறக்குறையத் தின்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவரும் இதைச் செய்து காணலாம். நீரை நன்றாகக் கொதிக்க வைத்து, அந்தக் கொதிநீரை ஒரு சோதனைக் குழாயில் நிரப்பி, பளபளப்பாகத் தேய்த்த ஆணி ஒன்றை இட்டு, மேலே ஒரு விரற்கடை அளவு எண்ணெய் ஊற்றிவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு குழாயில் அதே நீரை, கொதிக்க வைக்காமல், எண்ணெயும் ஊற்றாமல் வைத்து, அதிலும் ஓர் ஆணி இடுங்கள். மறுநாள் இரண்டாம் குழாயில் செந்நிறம் தெரியும். முதற் குழாயின் ஆணி ஒரு வாரம் ஆனாலும் பெரும்பாலும் பளபளப்புடன் இருக்கும். இரண்டிலும் நீர் ஒன்றே, ஆணி ஒன்றே. கொதிக்கும்போது நீரை விட்டுப் போனது காற்று. எண்ணெய் தடுத்ததும் அந்தக் காற்றையே. காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைந்து, இரும்பின் மேற்பரப்பை வந்தடைவதால்தான் துரு உண்டாகிறது.

எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று கேட்டால், அது மிகச் சிறிதே. நம் ஊர் வெயிலில், 30 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் நிற்கும் நன்னீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் இருக்கும். ஒரு சிட்டிகை உப்பைக் காட்டிலும் மிகக் குறைவு. இத்தனை சிறிய பொருளா இரும்பைத் தின்கிறது என்று ஐயுறுவோருக்காக ஒரு கணக்கைச் சொல்வோம். கணக்கு வாத்தியாராகவும் சில ஆண்டுகள் இருந்த பழக்கம், மன்னிக்க வேண்டும்.

ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் முழுவதும் துருவாக மாறினால், தன்னோடு ஏறத்தாழ இரண்டேகால் மில்லிகிராம் இரும்பைச் சேர்த்துக்கொள்ளும். இப்போது தந்தையார் இறங்கியது போன்ற சிறு கொதிகலன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 500 லிட்டர் நீரை ஆவியாக்குகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடுகிறது. ஆக 4,000 லிட்டர் நீர் உள்ளே போகிறது. அந்நீரோடு 30 கிராம் ஆக்சிஜனும் போகிறது. குளிர்ந்த குழாயில் ஓடும் நீர் தன் ஆக்சிஜனில் பெரும்பகுதியை அப்படியே சுமந்துகொண்டு வெளியேறிவிடும். கொதிகலனில் அதற்கு அவகாசம் இல்லை. வெப்பத்தால் நீரை விட்டுக் குமிழியாகப் பிரிந்து, பக்கத்திலிருக்கும் சூடான இரும்பின்மேல் பாய்கிறது. ஒரு பகுதி நீராவியோடு தப்பினாலும், மிக மோசமான நிலையை எண்ணி முழுவதும் இரும்பைப் பிடித்தது என்று கொண்டால், நாளொன்றுக்கு 70 கிராம் இரும்பு, ஆண்டுக்கு 300 நாளில் 21 கிலோ இரும்பு போய்விடும்.

இந்த 21 கிலோ கொதிகலனின் உட்பரப்பு முழுவதிலும் சீராகத் தேய்ந்தால் கவலையே இல்லை. 25 சதுர மீட்டர் பரப்பில் பங்கிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் தேயும். ஆனால் ஆக்சிஜன் அப்படிப் பங்கிட்டுத் தின்பதில்லை. நீர் நுழையும் வாய்க்கு அருகிலும், குமிழி வந்து தங்கும் மேல்விளிம்பிலும், ஏற்கெனவே சற்றுச் சிதைந்த இடத்திலும் குழி பறிக்கிறது. 3.65 மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாயில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் ஓட்டை விழுவதற்கு இரண்டேகால் கிராம் இரும்பு போனால் போதும். அதாவது ஒரு நாளின் 70 கிராம் முப்பது ஓட்டைகளுக்குக் காணும். ஒரு கொதிகலனின் உடம்பு முழுவதும் உறுதியாக இருக்க, ஒரு குழாய் மட்டும் பீறிட்டு, எதிரில் நின்றவர் வெந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

ஒருமுறை குழி விழுந்தால் அது ஏன் ஆறுவதில்லை என்பதையும் சொல்லிவிடுவோம், ஏனெனில் பலர் இதைத் தலைகீழாகவே எண்ணுகிறார்கள். குழியின் வாயில் செந்துரு ஒரு மூடிபோல் கட்டிக்கொள்கிறது. மூடிக்கு உள்ளே ஆக்சிஜன் குறைவு, வெளியே மிகுதி. "ஆக்சிஜன் இல்லாத இடம் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?" என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் இரும்பு மின்சாரத்தைக் கடத்தும் பொருள். வெளிப்புறத்தில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைக் கேட்கிறது. அவற்றைக் கொடுப்பது மூடிக்குள் இருக்கும் இரும்பு. கேட்பவர் வாசலில், கொடுப்பவர் உள்ளறையில். எலக்ட்ரானை இழந்த இரும்பு கரைந்து குழி ஆழமாகிறது. ஆகவே சுரண்டுகிறவர் சிவந்த மொக்கு ஒன்றைக் கண்டால், அதைத் தட்டி உடைத்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே கருஞ்சேறு போன்ற பொருளும், அதனடியில் கிண்ணம் போன்ற பள்ளமும் இருந்தால் அது ஆக்சிஜனின் வேலை. குழி இன்னும் உயிரோடு இருக்கிறது. மொக்கை விட்டுவிட்டு வழவழப்பான இடங்களையே தேய்த்துப் பளபளப்பாக்குவதில் பயனில்லை. பளபளப்பு வேறு கேடும் செய்யும். சூடான, ஆக்சிஜன் அற்ற, சற்றுக் காரமான நீரில் இரும்பின்மேல் தானாகவே ஒரு மெல்லிய கருந்தோல் படியும். காந்தத்தால் ஈர்க்கப்படும் கறுப்பு ஆக்சைடு அது. செந்துரு பொருபொருவென்று உதிர்வது. கருந்தோலோ இறுகப் பற்றி இரும்பைக் காப்பது. நல்ல நிலையிலுள்ள கொதிகலனின் உட்புறம் வெள்ளிபோல் மின்னாது, கரிபோல் கறுத்திருக்கும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, நீரை உள்ளே அனுப்புமுன்பே சூடாக்குவது. 60 பாகையில் ஒரு லிட்டரில் 4.7 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிற்கும். 80 பாகையில் மூன்றுக்கும் குறைவு. 90 பாகையில் 1.6. நெல் அவித்துத் திரும்பும் சுடுநீரைச் சாக்கடையில் விடாமல் நீர்த்தொட்டிக்கே திருப்பிவிட்டால், விறகும் மிச்சம், குழாயும் மிச்சம். இரண்டாவது மருந்து சோடியம் சல்பைட் என்னும் உப்பு. ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு எட்டுப் பங்கு வேண்டும். நாம் சொன்ன கொதிகலனுக்கு, குளிர்ந்த நீரே போவதானால், நாளொன்றுக்கு 240 கிராமும் அதற்கு மேல் கையிருப்பாகச் சிறிதும் தேவை. நீரைச் சூடாக்கிவிட்டால் இதில் கால்பங்கே போதும். அதைக் காலையில் ஒரே கையாகக் கொட்டுவது வீண். நீர் போகப் போகச் சிறிது சிறிதாகச் சேர வேண்டும். பெரிய அனல் மின்நிலையங்களில் நீண்ட காலம் ஹைட்ரசீன் என்ற மருந்தைக் கையாண்டார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்ற ஐயத்தால் பல இடங்களில் கைவிடப்பட்டுவருகிறது. உணவை நேரே தொடும் நீராவிக்கு அது ஆகவே ஆகாது.

இனி வீட்டுக் குழாய்க்கு வருவோம். நாம் முன்பு பொறுப்பில் இருந்த ஒரு விடுதியில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் இரண்டே ஆண்டில் கசிந்தது. மாற்றினோம். மறுபடியும் கசிந்தது. மூன்றாம் முறை, காலையில் பிள்ளைகள் குளிக்க நிற்கும் நேரத்தில் இணைப்பு முறிந்து, தொட்டி முழுவதும் முற்றத்தில் கொட்டிப்போயிற்று. அன்று நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் முகம் மட்டும் கழுவிப் பள்ளிக்கு வந்தார்கள். குழாய் வேலை செய்யும் பெரியவர், "சார், நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு எந்தக் கொழாயும் நிக்காது" என்றார். நாம், "அண்ணாச்சி, உப்புத் தண்ணீர் குழாய் முழுவதும்தானே ஓடுகிறது? மூன்று முறையும் ஏன் இந்த ஓரிடத்தில் மட்டும்?" என்று கேட்டோம். அவர் முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்தது ஒவ்வொரு முறையும் பித்தளை கேட் வால்வை முடுக்கிய மரையில்தான்.

இங்கே உப்பு துணைக் குற்றவாளி. முதற் குற்றவாளி அந்தப் பித்தளை. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே நீரில் நனைந்தால் அது ஒரு மின்கலமாகிவிடும். டார்ச் விளக்கின் கலத்தில் நடப்பதும் இதுவே. எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் தேயும், மற்றது பிழைக்கும். துத்தநாகம், இரும்பு, பித்தளை என்று வரிசைப்படுத்தினால், முன்னால் நிற்பது பின்னால் நிற்பதற்காகத் தேய்கிறது. ஜி.ஐ. குழாயில் துத்தநாகம் தேய்ந்து இரும்பைக் காக்கிறது. அதற்காகத்தான் அதைப் பூசினார்கள். ஆனால் முனையில் மரை வெட்டும்போது டை அந்தத் துத்தநாகத் தோலைச் சீவி எறிந்துவிடுகிறது. குழாயின் மிக மெலிந்த இடமும் மரைதான். மரையின் இரண்டு மூன்று சுற்று வெற்றிரும்பு, ஒரு பெரிய பித்தளை வால்வுக்கு எதிரே நிற்கிறது.

இதில் அளவுதான் முக்கியம். பித்தளையின் பரப்பு முழுவதும் நீரிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து எலக்ட்ரான் கேட்கிறது. கொடுக்க வேண்டியதோ அந்த ஒரு விரற்கடை இரும்பு. பத்துப் பேர் உண்ண ஒருவர் உழைக்கும் குடும்பம்போல. இதையே மாற்றிப் போட்டு, பெரிய இரும்புத் தொட்டியில் சிறு பித்தளைத் திருகு ஒன்றைப் பொருத்தினால் பல ஆண்டு ஆனாலும் பெருந்தீங்கு நேராது. உப்பின் பங்கு என்னவென்றால், அது நீரை நன்கு மின்கடத்தச் செய்கிறது. தாமிரபரணி நீர் ஓடும் குழாயில் இந்தக் கேடு பித்தளையை ஒட்டிய சிற்றிடத்தோடு அடங்கிவிடும். நம் ஊர்க் கிணற்று நீரில் அது எட்டிக் கை நீட்டுகிறது. தொலைவிலுள்ள பித்தளைப் பரப்பும் சேர்ந்து அந்த மரையையே உறிஞ்சுகிறது.

வேண்டுமானால் வீட்டில் செய்து பாருங்கள். மூன்று கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி நம் அளத்து உப்பைக் கரையுங்கள். முதற் குவளையில் ஓர் ஆணி. இரண்டாவதில் செம்புக் கம்பி இறுகச் சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகத் தகடு சுற்றிய ஆணி. ஓரிரு நாளில், செம்பு சுற்றிய ஆணி தனித்த ஆணியைவிட மிகுதியாகத் துருவேறியிருக்கும். துத்தநாகம் சுற்றியது தெளிவாக நிற்க, தகட்டின்மேல் வெண்பொருள் பூத்திருக்கும். பள்ளிச் சோதனைச்சாலையிலிருந்து சில துளி பினாப்தலின் சேர்த்தால் செம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பெற்றுக் காரமாக மாறுமிடம் அதுதான் என்பதற்கு அது சாட்சி.

இந்த உண்மையை உலகம் அறிந்தது கடலில்தான். ஆங்கிலேயக் கடற்படை 1761-இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் மர அடிப்பாகத்தில், புழுவும் சிப்பியும் அண்டாதிருக்கச் செம்புத் தகடு அடித்தது. 1763-இல் சோதித்தபோது செம்பு நன்றாக இருந்தது. அதை ஒட்டியிருந்த இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் சில இடங்களில் கிழியாமல் இடையே தங்கியிருந்தது. அங்கே மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. ஒரு தாள் கப்பலின் ஆணியைக் காத்தது. 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற அறிஞர் இதையே திருப்பிப் பயன்படுத்தினார். செம்பு கடலில் கரைவதைத் தடுக்க, அதனோடு சிறிய இரும்புத் துண்டுகளையும் துத்தநாகத் துண்டுகளையும் இணைத்தார். செம்பு கரையவில்லை. ஆனால் கரைந்த செம்பின் நஞ்சுதான் சிப்பிகளை அண்டவிடாமல் வைத்திருந்தது என்பது பிறகே புரிந்தது. காக்கப்பட்ட செம்பின்மேல் சிப்பிகள் மண்டிக் கப்பலின் வேகம் குறைந்தது. பேரறிஞருக்கும் இப்படி ஒரு சறுக்கல் உண்டு.

விடுதியில் நாம் செய்தது அந்தப் பழுப்புத் தாளின் வேலையே. வால்வுக்கு இருபுறமும் ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் துண்டை இடையிட்டோம். டெஃப்லான் நாடா சுற்றினால் போதாதா என்று கேட்பார்கள். முடுக்கும்போது மரையின் கூர் அந்த நாடாவை அறுத்து உலோகத்தோடு உலோகம் தொட்டுவிடும்; அது கசிவைத்தான் தடுக்கும், மின்தொடர்பைத் தடுக்காது. சாயம் பூசுவோருக்கு ஒரு சொல். இரும்பை மட்டும் பூசிப் பித்தளையை விட்டுவிடாதீர்கள். சாயத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறலே முழுப் பித்தளைக்கும் இரையாகும். இரண்டையும் பூசுங்கள், ஒன்றைத்தான் பூச முடியுமென்றால் பித்தளையைப் பூசுங்கள். கேட்க விந்தையாக இருந்தாலும் உண்மை அதுவே. துத்தநாகத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் சில வகை நீரில் அது தன் முறையை மாற்றிக்கொண்டு இரும்பைக் காப்பதை விட்டுவிடும். ஆகையால் சூரிய வெப்பத்தால் நீர் சூடாக்கும் கருவிக்கு ஜி.ஐ. குழாய் பொருத்துமுன் யோசிக்க வேண்டும்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது பி.எச். எனப்படும் அமிலகார அளவு. ஏழு நடுநிலை; குறைந்தால் அமிலம், கூடினால் காரம் என்று பாடநூலில் படித்திருக்கிறீர்கள். அமிலம் இரும்பை அரிக்கும் என்பதால், பி.எச். சிறிது குறைந்தாலே குழாய் சிறிது கூடுதலாக அரிக்கும் என்று எண்ணத் தோன்றும். அப்படியில்லை. சாதாரண வெப்பத்தில் ஏறத்தாழ 4 முதல் 10 வரை பி.எச். எதுவாக இருந்தாலும் இரும்பு அரிக்கும் வேகம் பெரிதும் மாறுவதில்லை. அந்த எல்லைக்குள் வேகத்தைத் தீர்மானிப்பது ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்பதே. 4-க்குக் கீழே இறங்கினால் கதை வேறு. அங்கே அமிலமே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் குமிழியாகிறது. ஆக்சிஜனுக்காக அது காத்திருப்பதில்லை. 10-க்கு மேலே ஏறினால் இரும்பின்மேல் காப்புத்தோல் நிலைத்து அரிப்பு அடங்குகிறது.

இதற்கு நம் கடற்கரையே எடுத்துக்காட்டு. தூத்துக்குடி அனல் மின்நிலையம் 1979-இல் தன் முதல் அலகை இயக்கியது. பின்னர் ஒவ்வொன்றும் 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளாக வளர்ந்தது. அத்தகைய கொதிகலனில் அழுத்தம் நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. உள்ளே போகும் நீரில் ஆக்சிஜன் ஒரு லிட்டருக்கு 0.007 மில்லிகிராம் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இத்தகைய கொதிகலன்களுக்கான பொது வரையறை. வெளியில் நிற்கும் நீரில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பி.எச். 9 அருகில் காக்கப்படும். சுழலியைச் சுற்றிவிட்ட நீராவியை மீண்டும் நீராக்க, மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கிய குளிர்கலத்தில் கடல்நீரை ஓட்டுகிறார்கள். குழாய்க்குள் கடல்நீர்; வெளியே தூய நீராவி, அதுவும் ஏறக்குறைய வெற்றிடத்தில். ஆகையால் ஒரு குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும், நீராவி கடலுக்குப் போகாது; கடல்நீர் நீராவிப் பக்கம் உறிஞ்சப்படும்.

அதனால் என்ன கேடு என்பதை உப்பளத்தில் வேலை செய்யும் நம் மக்களுக்கு எளிதில் விளக்கலாம். பாத்தியில் உப்பை வாரிய பின் அடியில் நிற்கும் கசப்பு நீரை அறிவீர்கள். உப்பில் அது ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் உப்பு கசிந்து ஒழுகும். அந்தக் கசப்பு பெரும்பாலும் மக்னீசியம் உப்புகளால் வருவது. அவற்றுள் முதன்மையானது மக்னீசியம் குளோரைடு. கொதிகலனின் கடும் வெப்பத்தில் அது நீரோடு வினைபுரிகிறது:

MgCl₂ + 2H₂O → Mg(OH)₂ + 2HCl

இறுதியில் நிற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு லிட்டர் கடல்நீரிலுள்ள மக்னீசியம் முழுவதும் இவ்வாறு மாறினால் ஏறத்தாழ 4 கிராம் அமிலம் உண்டாகும். அதை ஆயிரம் லிட்டர் தூய நீரில் கலந்தால் பி.எச். 4-ஐ ஒட்டி இறங்கிவிடும். நாம் முன்பு சொன்ன அந்த அபாய எல்லைதான். அதைவிடக் கொடிது, படிவுகளின் அடியில் இந்த அமிலம் செறிந்து, அங்கே பிறக்கும் ஹைட்ரஜன் எஃகினுள்ளேயே புகுந்து, அதிலுள்ள கரியோடு சேர்ந்து வாயுவாகி, உலோகத்தை உள்ளிருந்தே பிளப்பது. அப்படிப்பட்ட குழாய் மெலியாமலே, தடித்த விளிம்போடு, சாளரம் பெயர்ந்ததுபோல் வெடிக்கும். இதைத் தடுக்கவே கொதிகலன் நீரில் சிறிது பாஸ்பேட் உப்பைச் சேர்த்து அமிலத்தை ஏற்கும் கையிருப்பாக வைக்கிறார்கள். குளிர்கலத்திலிருந்து வரும் நீரின் மின்கடத்தலை இடைவிடாது அளக்கிறார்கள். மானியின் முள் சற்று ஏறினால் போதும், கடல் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதைச் 'சின்ன ஏற்றம்' என்று விட்டுவிடக் கூடாது.

மறுபடியும் தந்தையாரின் கொதிகலனுக்கே திரும்புவோம். ஒன்று சொல்ல மீதமிருக்கிறது. ஒருமுறை மழைக்காலத்தில் ஆலை ஓடாததால், அடியில் சிறிது நீரோடு கொதிகலனை அப்படியே மூடி வைத்திருந்தார்கள். பல வாரம் கழித்துத் துளையைத் திறந்து, முதலில் ஓர் இளைஞரை இறக்கினார்கள். ஏணியில் நான்கு படி இறங்கியவர் சத்தமே இல்லாமல் சாய்ந்தார். இடுப்பில் கயிறு இருந்ததால் நம் தந்தையாரும் இன்னொருவரும் இழுத்துப் போட்டுவிட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். புகை இல்லை, நாற்றம் இல்லை, நெருப்பும் இல்லை. 'காத்துக் கருப்பு அடிச்சிட்டு' என்றே ஊரில் பேசினார்கள்.

அடித்தது துருதான். ஈரமான இரும்புச் சுவர் அடைபட்ட காற்றிலிருந்த ஆக்சிஜனை வாரக்கணக்கில் தின்றுவிட்டது. முன்னைய கணக்கையே இங்கும் போடலாம். அந்தக் கொதிகலனுள் மூன்று கன மீட்டர் காற்று இருந்ததாகக் கொள்வோம். அதில் 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் 10 விழுக்காட்டுக்கு இறங்க, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இரும்பு துருவானால் போதும். 25 சதுர மீட்டர் சுவரில் அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சுவரைப் பார்த்து எவரும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. 10 விழுக்காட்டில் மனிதன் மூச்சுத் திணறிக்கொண்டு விழுவதில்லை. அதை உணருமுன்பே நினைவு தப்பி விழுகிறான். கப்பலில் நங்கூரச் சங்கிலி வைக்கும் அறையிலும் இதுவே நிகழும். 2007 செப்டம்பரில் வட கடலில் 'வைக்கிங் இஸ்லே' என்ற கப்பலின் சங்கிலி அறையில் மூவர் இப்படி இறந்தார்கள். ஒருவர் விழ, அவரைத் தூக்க மற்றவர் இறங்க, இப்படியே சாவுகள் அடுக்கடுக்காக நேர்வது இந்த விபத்தின் இயல்பு.

துறைமுகத்திலும், ஆலைகளிலும், மூடிய இரும்புத் தொட்டிகளிலும் இறங்கி வேலை செய்யும் நம் இளைஞர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லவே இத்தனை தூரம் சுற்றி வந்தோம். மூடியிருந்த இரும்புக் கலத்தின் எல்லாத் துளைகளையும் திறந்து, விசிறியால் அடிவரை காற்றைச் செலுத்த வேண்டும். பின் ஆக்சிஜன் மானியைக் கயிற்றில் கட்டி மேலும் நடுவும் அடியுமாக இறக்கி அளக்க வேண்டும், 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் எவரும் இறங்கலாகாது. விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். வேறு வாயு இருந்தால் அது பற்றிக்கொள்ளும். விளக்கு அணையாமல் எரியும் அளவும் மனிதனுக்குப் போதாத அளவாக இருக்கக்கூடும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க ஆள். கீழே இருப்பவர் விழுந்தால் மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். தானும் உள்ளே குதிக்கக் கூடாது. மானி இல்லை, விசிறி இல்லை, சீக்கிரம் இறங்கு என்று யார் சொன்னாலும், காலை மறுத்து வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.